'கட்டினனான்' என்றது 'கட்டினான்' ஆனது எப்படி

கேள்வி: கொழும்பில ஒரு கோல் சென்டரில, கோல்களின்ர தரம் பார்க்கிற பிரிவில இருக்கிறன். தமிழ்க் கோல்களை எழுத்தாக்க ஒரு சிஸ்டம் போட்டிருக்கினம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆக்கள் இங்கிலிஷ் கலந்து கதைச்சா பாதிக்குப் பாதி பிழை எண்டு ரிப்போர்ட் வருது. ஏஜென்ட்மாரைச் 'சுத்தமான' தமிழில கதைக்கச் சொல்லுறார் மனேஜர். வேற சிஸ்டம் வாங்கிறதா, எங்கட கோல்களை வச்சு ட்ரெயின் பண்ணுறதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்த ரிப்போர்ட்டில் வரும் பிழை எண்ணிக்கைக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன: தொலைபேசிச் சத்தத்தின் குறை, எழுத்துக்கூட்டல் வித்தியாசம், உண்மையாகவே பேச்சு விளங்காத இடங்கள். மூன்றாவதுக்கு மட்டும்தான் ட்ரெயினிங் மருந்து. முதல் இரண்டையும் பிரிக்காமல் புது சிஸ்டம் வாங்கினால் அதே பிழைகளைப் புது விலைக்கு வாங்குவீர்கள். நான் பல வருடங்களாகக் கொழும்பில் இந்த வேலையோடுதான் இருக்கிறேன். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் பணத்தைக் கொட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சத்தத்தில் இருந்து தொடங்குவோம். ஒரு கோல் கோப்பை எடுத்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ffprobe -v error -show_entries stream=codec_name,sample_rate,channels call.wav
```

பெரும்பாலும் `sample_rate=8000` என்று வரும். செக்கனுக்கு 8000 மாதிரிகள் என்றால் 4000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தம் எதுவும் அந்தக் கோப்பில் இல்லை. பழைய தொலைபேசி வழி கடத்துவதே ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான். 'எஸ்', 'எஃப்' போன்ற ஒலிகளின் பலமான பகுதி அதற்கு மேலே இருப்பதால், வாடிக்கையாளர் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது இந்த இரண்டும் மாறிப் போகும். மனிதக் காதுக்கும் இதே கஷ்டம்தான். அதனால்தான் ஏஜென்ட்மார் "எஃப் ஃபோர் ஃபாதர்" என்று கேட்டு உறுதி செய்கிறார்கள். பேச்சை எழுத்தாக்கும் மொடல்கள் பெரும்பாலும் 16000 மாதிரிச் சத்தத்தை எதிர்பார்க்கின்றன. நீங்கள் 8000ஐ 16000 ஆக மாற்றிக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தொலைந்த சத்தம் அதனால் திரும்பி வராது.

அதே கட்டளையில் `channels` எத்தனை என்றும் பாருங்கள். 2 என்று வந்தால் ஏஜென்ட் ஒரு பக்கம், வாடிக்கையாளர் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அப்படியே கொடுத்தால் பல சிஸ்டங்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். இருவரும் ஒரே நேரத்தில் கதைக்கும் இடமெல்லாம் குழம்பும். எங்கள் ஆக்கள் "ம்ம்", "ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டே கேட்பவர்கள், ஆகவே அந்த இடங்கள் குறைவில்லை. வாடிக்கையாளர் பக்கத்தை மட்டும் இப்படிப் பிரிக்கலாம்:

```
ffmpeg -i call.wav -af "pan=mono|c0=c1" -ar 16000 customer.wav
```

பிரித்த கோப்பைக் காதால் கேட்டு உறுதி செய்யுங்கள். சில சிஸ்டங்களில் வாடிக்கையாளர் `c0` பக்கம் இருப்பார். `channels=1` என்று வந்தால் பதிவு செய்யும் இடத்திலேயே கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அமைப்பைத்தான் முதலில் மாற்றச் சொல்ல வேண்டும்.

கொழும்புக்கே உரிய இன்னொரு சிக்கலும் இந்த இடத்தில்தான் வரும். நீங்கள் எடுக்கும் கோல் எப்படித் தொடங்குகிறது? "ஆயுபோவன், வணக்கம், குட் மோர்னிங்." பல சிஸ்டங்களுக்குள் இருக்கும், OpenAI வெளியிட்ட விஸ்பர் மொடலுக்கு மொழி எது என்று நாங்கள் சொல்லாவிட்டால், அது முதல் 30 செக்கன்களைக் கேட்டு ஒரு மொழியை ஊகித்து, முழுக் கோப்பையும் அந்த மொழியாகவே எழுதும். வணக்கமும் பட்டன் அழுத்தச் சொல்லும் குரலும் அந்த 30 செக்கன்களை நிரப்பிவிட்டால், பிறகு பத்து நிமிடம் வாடிக்கையாளர் தமிழில் கதைத்தாலும் வெளியே வருவது சிங்கள எழுத்து, அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு மாதிரி ஒன்று. ரிப்போர்ட்டில் இது நூறு வீதப் பிழைக் கோலாகச் சேர்ந்து சராசரியைத் தூக்கிவிடும். கோல்வாரியாகப் பிழையைப் பார்த்தால் கண்டுபிடிப்பது சுலபம்: மற்றவை ஒரு பக்கம் நிற்க, சில கோல்கள் மட்டும் நூறை ஒட்டி நிற்கும். தமிழ் வரிசையில் வந்த கோல்களுக்கு `language="ta"` என்று கட்டாயப்படுத்தி, தொடக்க வணக்கத்தை வெட்டிவிட்டுக் கொடுத்தால் அது போய்விடும். காத்திருக்க வைக்கும்போது போடும் இசையையும் வெட்டுங்கள். பேச்சில்லாத இடத்தில் விஸ்பர் தானாக ஒரு வசனத்தைக் கற்பித்துத் திரும்பத் திரும்ப எழுதும் பழக்கம் உள்ளது.

இனி எழுத்துக்கூட்டல். உங்கள் ரிப்போர்ட்டின் பெரும் பகுதி இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிழை வீதத்தை எல்லோரும் கணக்கிடுவது இப்படி: மனிதர் எழுதிய பிரதியையும் மொடல் எழுதியதையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, மாறிய சொல், விடுபட்ட சொல், தேவையில்லாமல் புகுந்த சொல் மூன்றையும் கூட்டி, மனிதப் பிரதியின் சொல் எண்ணிக்கையால் வகுப்பது.

```
WER = (S + D + I) / N
```

இதற்கு அர்த்தம் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். ஒரு கோலை ஒத்து நானே ஒரு வாக்கியம் எழுதித் தருகிறேன். இன்டர்நெட் பழுதென்று எடுத்த ஒரு யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் சொல்வதை, யாழ்ப்பாணத்து ஏஜென்ட் ஒருவர் கேட்டு எழுதியது:

நான் போன மாசமே பில் கட்டினனான் ஆனா றவுற்றர் இன்னும் வேலை செய்யேல்ல நேற்று கோல் எடுத்தனான் ஆரும் வரேல்ல

மொடல் எழுதியது:

நான் போன மாசமே பில் கட்டினான் ஆனா ரவுட்டர் இன்னும் வேலை செய்யல நேத்து கால் எடுத்தான் யாரும் வரேன்

மனிதப் பிரதியில் 15 சொல். மாறியவை எட்டு. ரிப்போர்ட் 53 வீதம் பிழை என்று சொல்லும். அந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

றவுற்றரும் ரவுட்டரும் ஒரே பெட்டிதான். ஆங்கிலத்தின் 't' ஒலியை இடத்தைப் பொறுத்து ற்ற, ற், ர என்று எழுதுவது எங்கள் பழக்கம். இன்ரநெற், ரிக்கற் என்றெல்லாம் எழுதி வளர்ந்தவர்கள் நாங்கள். இந்தியத் தமிழ் எழுத்தில் பயின்ற மொடல் ட்ட என்றுதான் எழுதும். ஆங்கிலத்தின் 'கோல்' இந்தியாவில் 'கால்'. எங்கள் கோப்பி அங்கே காபி ஆவது போலத்தான். 'நேற்று' என்பதில் வரும் ற்றவை யாழ்ப்பாணத்தில் நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வைத்து அழுத்தி உச்சரிப்போம். மொடல் அதை இந்தியப் பேச்சு வழக்கின்படி 'த்த' என்று எழுதுகிறது. 'செய்யேல்ல', 'செய்யல' இரண்டும் செய்யவில்லை என்பதுதான். ஆர், யார் என்பதும் அப்படியே. இந்த ஐந்திலும் மொடல் சரியாகக் கேட்டிருக்கிறது, எழுதியதுதான் வேறு விதம். ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது மூன்று, அதாவது 20 வீதம்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் உண்டு. 'கோ' என்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் கொம்புக்கு ஒரு குறியீடு, காலுக்கு ஒரு குறியீடு என்று இரண்டாக அடிக்கும். சில ஒரே குறியீடாக அடிக்கும். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். உங்கள் பிரதிகளை எழுதியவர்கள் ஆளுக்கொரு விசைப்பலகை வைத்திருந்தால், கொ, கோ, கௌ வரும் சொற்கள் காரணமே இல்லாமல் பிழையாகும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டு வாருங்கள்:

```python
import unicodedata, jiwer
n = lambda s: unicodedata.normalize("NFC", s)
print(jiwer.wer(n(ref), n(hyp)))
```

இதோடு ஒரு சமன் அட்டவணையும் வேண்டும். றவுற்றர், ரவுட்டர், ஆங்கில எழுத்திலேயே எழுதிய `router` மூன்றையும் ஒன்றாக எண்ணு என்று சொல்லும் அட்டவணை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா ஆங்கில எழுத்தில் எழுதுவதா என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு முடிவு எடுத்து, பிரதி எழுதுபவர்கள் எல்லோரும் அதன்படி எழுத வேண்டும். எது என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒரே கோப்பில் இரண்டும் வந்தால்தான் கணக்குக் கெடும். அட்டவணையை யாரிடமும் விலைக்கு வாங்க முடியாது. உங்கள் சேவையில் அடிக்கடி வரும் சில நூறு சொற்களை எடுத்து நீங்களே எழுதிவிடலாம்: ரீலோட், பேலன்ஸ், பெக்கேஜ், சிம், டிஸ்கனெக்ட், கம்ப்ளெயின்ட் நம்பர் என்று. இரண்டு பேர் உட்கார்ந்தால் சில நாள் வேலை.

மிஞ்சிய மூன்றுக்கு வருவோம். இவைதான் ஆபத்தானவை.

'கட்டினனான்' என்று யாழ்ப்பாணத்தவர் சொன்னால் 'நான் கட்டினேன், அது முடிந்த விஷயம்' என்று அழுத்திச் சொல்கிறார் என்று எங்களுக்கு உடனே விளங்கும். இந்தியத் தமிழில் இந்த வடிவம் புழக்கத்தில் இல்லை. மொடலுக்குத் தெரிந்ததில் ஒலியால் மிகக் கிட்ட உள்ளது 'கட்டினான்'. ஒரு 'ன'வை விழுங்கிவிட்டு அதை எழுதிவிடும். பணம் கட்டியவர் 'நான்' என்பது 'அவன்' ஆகிவிட்டது. 'எடுத்தனான்' என்பதற்கும் இதே கதிதான். 'வரேல்ல' என்பதோ 'வரேன்' ஆகி, வரவில்லை என்ற முறைப்பாடு வருகிறேன் என்ற வாக்குறுதியாகத் தலைகீழாகிவிட்டது. கோலின் சுருக்கத்தை இன்னொரு மென்பொருள் இந்தப் பிரதியில் இருந்து எழுதினால், வாடிக்கையாளர் தானே வருவதாகச் சொன்னார் என்று பதிவாகும். முறைப்பாடு மூடப்படும். அந்த மனிதர் அடுத்த முறை கோல் எடுக்கும்போது அவருடைய கோபத்தை வாங்கிக்கொள்வது உங்கள் ஏஜென்ட்.

ஆகவே மொத்தப் பிழை வீதத்தோடு நின்றுவிடாமல், எதிர்மறைகளைத் தனியாக எண்ணுங்கள். மனிதப் பிரதியில் -ஏல்ல, -இல்லை, ஏலாது, வேண்டாம் என்று முடியும் ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, மொடல் எழுதியதிலும் மறுப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வடிவம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. 'செய்யேல்ல' 'செய்யல' ஆனால் அது சரிதான். நூறில் எத்தனை மறுப்புத் தொலைகிறது என்ற அந்த ஒரு எண்ணை உங்கள் மனேஜரிடம் காட்டினால், 53 வீதத்தை விட அவருக்கு நன்றாக விளங்கும்.

இதையெல்லாம் ஊர்வாரியாகவும் பிரித்தால்தான் எங்கே செலவழிப்பது என்று தெரியும். மலையகத்தவர் பேச்சு வினைமுடிவுகளில் இந்தியத் தமிழுக்குக் கிட்ட நிற்பதால் மொடல் அதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். மட்டக்களப்பில் 'பிறகு' என்பதற்கு 'மறுகா' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டிராத மொடல் அதை 'முருகா' என்று எழுதக்கூடும். முஸ்லிம் வாடிக்கையாளர் பலர் 'பில் வந்தீக்கி' என்பார்கள், வந்திருக்கிறது என்ற பொருளில். அதன் வால் அறுந்து 'பில் வந்து' என்று நின்றுவிடும். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்கள் 'சரி' என்பதற்கு 'ஹரி' என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தமிழில் தொடர்வார்கள். அது ஒரு ஆளின் பெயராக எழுதப்படும். இவற்றை எல்லாம் சேர்த்து ஒரே சராசரி எடுத்தால், மலையகக் கோல்களின் நல்ல எண் மட்டக்களப்புக் கோல்களின் மோசமான எண்ணை மறைத்துவிடும்.

சோதனைத் தொகுப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், வன்னி, கிழக்கு, மலையகம், கொழும்பு, முஸ்லிம் பேச்சு என்று வகைக்கு முப்பது நிமிட வாடிக்கையாளர் பேச்சு போதும், தொடங்குவதற்கு. முப்பது நிமிடத்தைப் பத்துப் பதினைந்து வெவ்வேறு ஆட்களிடம் இருந்து எடுங்கள். அந்தந்த ஊர்க்காரர்தான் பிரதி எழுத வேண்டும், கேட்டபடியே எழுத வேண்டும். இதில் பலர் தவறுகிறார்கள். பிரதி எழுதுபவர் 'வரேல்ல' என்று கேட்டுவிட்டு, எழுத்தில் நன்றாக இருக்கட்டும் என்று 'வரவில்லை' என்று திருத்திவிடுவார். அந்தப் பிரதியை வைத்துப் பிறகு ட்ரெயின் பண்ணினால் ஒலிக்கும் எழுத்துக்கும் தொடர்பு அறுந்து, மொடல் இன்னும் குழம்பும். என் அனுபவத்தில், கலந்த பேச்சுள்ள ஒரு மணி நேரப் பதிவைக் கவனமாக எழுதி, இன்னொருவர் சரிபார்த்து முடிக்க ஆறு ஏழு மணி நேரம் பிடிக்கும். செலவுக் கணக்கை அதை வைத்துப் போடுங்கள்.

சத்தம், எழுத்துக்கூட்டல் இரண்டையும் சரி செய்த பிறகும் யாழ்ப்பாணத்து வினைமுடிவுகளும் கிழக்குச் சொற்களும் விழுந்துகொண்டே இருந்தால், அப்போது ட்ரெயின் பண்ணுவதுதான் வழி. வேறு சிஸ்டம் வாங்குவதால் இது பெரிதாக மாறாது. திறந்து கிடைக்கும் தமிழ்ப் பேச்சுத் தரவில் பெரும்பகுதி இந்தியாவில் பதிவானது. அதிலும் கணிசமான பங்கு எழுதியதைப் பார்த்து வாசித்த தமிழ். 'கட்டினனான்' என்று யாரும் பார்த்து வாசிப்பதில்லை. சில நிறுவனங்கள் `ta-LK` என்று தனித் தெரிவு கொடுக்கின்றன. அதைப் போட்டுப் பாருங்கள், ஆனால் பெயரை வைத்து நம்பாமல் உங்கள் சோதனைத் தொகுப்பில் அளந்த பிறகு முடிவெடுங்கள். அடிக்கடி வரும் சொற்களை முன்கூட்டியே மொடலுக்குச் சொல்லி வைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. விஸ்பரில் அது `initial_prompt`. பெக்கேஜ் பெயர்களுக்கு அது நல்ல உதவி. வினைமுடிவுகளுக்கு அதை நம்ப முடியாது. பட்டியலை மிக நீளமாக்கினால் யாரும் சொல்லாத பெக்கேஜ் பெயர்கள் பிரதியில் முளைக்கும்.

ட்ரெயின் பண்ணத் தொடங்கினால் ஒரு பொறியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வாடிக்கையாளர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், ஏஜென்ட்மார் சில டசின் பேர்தான். கோல்களைக் கண்ணை மூடிக்கொண்டு ட்ரெயினிங்குக்கும் சோதனைக்கும் பிரித்தால், ஒரே ஏஜென்ட்டின் குரலும் அவர் நாள் முழுக்கச் சொல்லும் அதே வசனங்களும் இரண்டு பக்கத்திலும் இருக்கும். மொடல் அவரை மனப்பாடம் செய்துவிடும். ரிப்போர்ட்டில் பிழை பாதியாகக் குறைந்து அழகாகத் தெரியும், வாடிக்கையாளர் பக்கத்தில் ஒன்றும் மாறியிருக்காது. சோதனைக்கு எடுக்கும் ஆட்கள் ட்ரெயினிங்கில் ஒரு கோலில் கூட வரக்கூடாது. பெறுபேறையும் வாடிக்கையாளர் பக்கத்துக்குத் தனியாகப் போடச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் இந்தப் பிழையை நானே பல வாரம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். வந்த எண் நன்றாக இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இலக்கங்களை மொடலிடம் விடவே வேண்டாம். தொலைபேசி இலக்கம் பத்து, புதிய அடையாள அட்டை இலக்கம் பன்னிரண்டு. ஒன்று பிழைத்தாலும் முழுவதும் வீண். எங்கள் ஆக்கள் "சீரோ செவன் செவன்" என்று தொடங்கி, நடுவில் "டபிள் ஃபைவ்" என்று சொல்லி, "அறுபத்தி ரெண்டு" என்று தமிழில் முடிப்பார்கள். விசைப்பலகையில் அழுத்தச் சொல்லி வாங்குவது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

கோல்களை ட்ரெயினிங்குக்கு எடுப்பதற்கு முன் உங்கள் சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சேவையின் தரத்துக்காகப் பதிவு செய்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, அதே பதிவை ஒரு மொடலைப் பயிற்றுவிக்க எடுப்பது வேறு நோக்கம். பெயர், அட்டை இலக்கம், முகவரி வரும் இடங்களைப் பிரதி எழுதும்போதே அடையாளமிட்டு, சத்தத்திலும் வெட்டிவிடுங்கள்.

மனேஜர் சொன்ன 'சுத்தமான தமிழ்' விஷயம். ஏஜென்ட் பக்கத்தின் பிழையையும் வாடிக்கையாளர் பக்கத்தின் பிழையையும் தனித்தனியாக எடுத்து அவர் முன்னால் வையுங்கள். ஏஜென்ட்மார் ஏற்கெனவே நல்ல ஹெட்செட்டில், பழகிய வசனங்களைச் சொல்கிறார்கள். அவர்கள் பக்கம் பிழை குறைவாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்குள் நின்று கோல் எடுக்கும் கிளிநொச்சிக்காரரை யாரும் மாற்றிக் கதைக்கச் சொல்ல முடியாது. அதைவிட, அவரிடம் ஏஜென்ட் "தங்களது கட்டணம் செலுத்தப்படவில்லை" என்று சொன்னால் அவர் "என்ன?" என்று திரும்பக் கேட்பார், கோல் நீளும். "அண்ணை, பில் இன்னும் கட்டேல்ல எண்டு காட்டுது" என்றால் ஒரே தடவையில் விளங்கும். பிரதியை வைத்து ஏஜென்ட்மாருக்குப் புள்ளி போடுவதாக இருந்தால், மறுப்பு எண்ணிக்கையைச் சரி செய்து முடிக்கும் வரை அதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி, தான் சொன்ன வசனத்தை மொடல் எழுதாத காரணத்துக்காக மூன்று மாதம் ஊக்கத்தொகை இழந்ததை நான் நேரில் பார்த்தேன். பதிவைப் போட்டுக் கேட்டபோது அவள் ஒவ்வொரு கோலிலும் அந்த வசனத்தைச் சொல்லியிருந்தாள்.